வட்டிக்கோடு மூன்று விதமாக அசையும்

2023 மார்ச் 8, புதன்கிழமை. அமெரிக்க அரசின் இரண்டாண்டுக் கடன்பத்திரம் 5.05 சதவீத ஈட்டு தந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. திங்கள், 13-ஆம் தேதி, அதே பத்திரத்தின் ஈட்டு 4.03. மூன்றே வர்த்தக நாட்களில் 102 அடிப்படைப் புள்ளிகள் சரிவு (நூறு புள்ளி சேர்ந்தால் ஒரு சதவீதம்).

எல்லாப் பத்திரங்களும் அப்படி விழவில்லை. ஐந்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டு 4.34-லிருந்து 3.68-க்கு, அதாவது 66 புள்ளி இறங்கியது. பத்தாண்டுப் பத்திரம் 43 புள்ளி. முப்பதாண்டுப் பத்திரம் வெறும் 18. தவணைக் காலத்தைப் படுக்கையிலும் ஈட்டை நிமிர்ந்தும் குறித்து வரையும் கோட்டைத்தான் சந்தையில் யீல்டு கர்வ் என்கிறார்கள். அந்த வாரம் அந்தக் கோடு முழுவதும் கீழே இறங்கியது. ஆனால் இடது முனை மிக ஆழமாக இறங்கியது.

ஒன்றாம் மாதத்திலிருந்து முப்பதாம் ஆண்டு வரை எத்தனையோ தவணைகள் இருக்க, ஒவ்வொன்றின் அசைவையும் தனித்தனியாகவா கண்காணிப்பது? 1991-இல் கோல்ட்மன் சாக்ஸின் ராபர்ட் லிட்டர்மனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜோசே ஷைன்க்மனும் வெளியிட்ட ஆய்வு, தேவையில்லை என்று காட்டியது. கோட்டின் அன்றாட அசைவுகளில் ஏறக்குறைய எல்லாமே மூன்று வடிவங்களின் கலவைதான். முழுக் கோடும் சேர்ந்து ஏறுவது அல்லது இறங்குவது மட்டம். குறுந்தவணையும் நெடுந்தவணையும் எதிர்த்திசையில் நகர்வது சாய்வு. இரு முனைகளும் ஒரு பக்கமும் நடுப்பகுதி மறுபக்கமும் போவது வளைவு. பொதுவாக மட்டம் மட்டுமே மொத்த அசைவில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கை எடுத்துக்கொள்கிறது. வளைவுக்கு மிஞ்சுவது சொற்பம்.

இந்த வடிவங்களை யாரும் முன்கூட்டியே வரைந்து கணக்குக்குள் திணிக்கவில்லை என்பதுதான் அழகு. ஒவ்வொரு தவணைக்கும் ஈட்டு நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு மாறியது என்று சில ஆண்டுகளுக்குக் குறித்துக்கொள்கிறார்கள். ஈட்டின் அளவை அப்படியே எடுக்காமல் மாற்றத்தை எடுப்பதற்குக் காரணம் உண்டு: அளவுகள் ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் ஊர்ந்து, பொய்யான ஒற்றுமையைக் காட்டிவிடும். பிறகு எந்தத் தவணை எதனோடு எவ்வளவு சேர்ந்து அசைகிறது என்று ஓர் அட்டவணை போடுகிறார்கள். முதன்மைக் கூறு பகுப்பாய்வு அந்த அட்டவணையில் மிக அதிக அசைவை விளக்கும் ஒரு வடிவத்தை முதலில் பிரிக்கிறது, அதோடு கலக்காத அடுத்த பெரிய வடிவத்தை அதன்பின், இப்படியே தொடர்கிறது.

மார்ச் மாதக் கணக்கை எளிய வடிவங்களை வைத்துக் கையாலேயே பிரித்துப் பார்க்கலாம். 102, 66, 43, 18 ஆகியவற்றின் சராசரி 57. ஆகவே கோடு முழுவதும் 57 புள்ளி இறங்கியது என்று வைத்துக்கொண்டால், அது மட்டம். அதைக் கழித்தால் இரண்டாண்டு இன்னும் 45 புள்ளி கீழே நிற்கிறது, ஐந்தாண்டு 9 புள்ளி கீழே. பத்தாண்டு 14 மேலே, முப்பதாண்டு 39 மேலே. இடமிருந்து வலமாகச் சீராக ஏறும் இந்த மிச்சம் சாய்வு. அதற்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்திக் கழித்தபின், எந்தத் தவணையிலும் ஐந்து புள்ளிக்கு மேல் மிஞ்சவில்லை. நடுப்பகுதி சற்று மேலே, முனைகள் சற்றுக் கீழே: லேசான வளைவு.

காரணமும் அதே வரிசையில் விளங்குகிறது. வங்கிகள் சரிவதால் ஃபெடரல் ரிசர்வ் வட்டியைக் குறைக்கும் என்று சந்தை எதிர்பார்த்தது. அடுத்த இரண்டாண்டு வட்டி இரண்டாண்டுப் பத்திரத்தின் முழு ஆயுள். முப்பதாண்டுப் பத்திரத்துக்கு அது ஒரு சிறு பகுதி.

மட்டத்தை மட்டும் பார்த்துப் பாதுகாப்புத் தேடியவரின் நிலையை ஓர் உதாரணத்தில் காணலாம். ஒரு நிதி மேலாளர் இரண்டாண்டுப் பத்திரங்களைக் கடன் வாங்கி விற்று, முப்பதாண்டுப் பத்திரங்களை வாங்கிவைத்திருக்கிறார். இரு பக்கமும் ஒரு புள்ளி அசைவுக்குப் பத்தாயிரம் டாலர் மாறும்படி சமன் செய்திருக்கிறார். கோடு சமமாக இறங்கியிருந்தால் லாபமும் நஷ்டமும் சரியாகிவிடும். அந்த மூன்று நாளில் முப்பதாண்டில் 1,80,000 டாலர் லாபம், இரண்டாண்டில் 10,20,000 டாலர் நஷ்டம். 8,40,000 டாலர் போன வழி சாய்வு.

ஆனாலும் இந்த மூன்று வடிவங்களை இயற்கை விதியாக எண்ணிவிடக் கூடாது. 2008 இறுதியிலிருந்து 2015 இறுதி வரை ஃபெடரல் ரிசர்வ் குறுகிய கால வட்டியைப் பூஜ்ஜியத்தை ஒட்டியே வைத்திருந்தது. குறுந்தவணை ஈட்டுகள் அசைய இடமின்றி ஒட்டிக்கொண்டன. அந்த ஆண்டுகளின் தரவைப் பகுத்தால், முதல் கூறு சமமான மட்டமாக வராது. இடது முனையில் தட்டையாகத் தொடங்கி வலப்புறம் உயரும். அதற்கு மட்டம் என்று பெயரிட்டு 2022-இல் பயன்படுத்தியவருக்கு, இரண்டாண்டுப் பத்திரம் அந்த ஒரே ஆண்டில் 0.73-லிருந்து 4.41 சதவீதத்துக்கு ஏறியபோது கணக்கு தப்பியிருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி சுலபம். தரவைக் காலவாரியாகத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் வடிவங்களை வரைந்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மேல் கீழாகத் திரும்பியிருந்தால் பரவாயில்லை, கூறின் குறி கணக்கில் எப்படியும் வரலாம். உருவமே மாறியிருந்தால் பழைய எடைகளைக் கைவிட்டுப் புதிதாகக் கணக்கிட வேண்டியதுதான்.