கூச்சலும் கோல் எண்ணிக்கையும்: ஆட்டப் பதிவில் முக்கியக் கட்டங்களைக் கணினி கண்டுபிடிப்பது எப்படி?

2010 டிசம்பர் 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் நடந்த சுசுகி கிண்ண இறுதியாட்டத்தை மலேசியக் காற்பந்து ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என வென்றிருந்த கே.ராஜகோபாலின் அணி, அன்று 1-2 எனத் தோற்றாலும் மொத்தம் 4-2 என்ற கோல் கணக்கில் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அந்த ஆட்டத்தின் முழுப் பதிவிலிருந்து ஐந்து நிமிடத் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்க, ஒருவர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கணினிக்கு ஆட்டம் புரியாது. ஆனால், இரண்டு தடயங்களை வைத்து அதே வேலையை அது சில நிமிடங்களில் முடித்துவிடும். ஒன்று ரசிகர்களின் கூச்சல், மற்றொன்று திரையின் மூலையில் தெரியும் கோல் எண்ணிக்கை.

முதலில் கூச்சல். கணினி ஒலியை ஒவ்வொரு விநாடியாகப் பிரித்து, அதன் அளவை டெசிபலில் கணக்கிடுகிறது. அரங்கில் எப்போதும் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். அதனால் 'எவ்வளவு சத்தம்' என்பதைவிட, முன்பின் சில நிமிடங்களின் வழக்கமான அளவைக் காட்டிலும் 'எவ்வளவு கூடியது' என்பதே முக்கியம். 6 டெசிபல் கூடினால் ஒலி அலையின் உயரம் இரண்டு மடங்காகிவிட்டது என்று பொருள். அந்த உயர்வு மூன்று விநாடிக்கு மேல் நீடித்தால் கணினி அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். ஒரே விநாடியில் அடங்கிவிடும் விசில், பட்டாசுச் சத்தங்களை விட்டுவிடும்.

அடுத்தது கோல் எண்ணிக்கை. விநாடிக்கு ஒரு படம் எடுத்து, எண்கள் இருக்கும் சிறு பகுதியை மட்டும் வெட்டி, முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும். பக்கத்தில் ஓடும் கடிகாரமும் சேர்ந்து வெட்டப்பட்டால் ஒவ்வொரு விநாடியும் 'மாற்றம்' என்றே காட்டும். கோலை மறுபடியும் காட்டும்போது அந்தப் பெட்டி மறைந்துவிடும் என்பதால், புதிய எண் பத்து விநாடி நிலைத்தால் மட்டுமே அதை மாற்றமாக ஏற்க வேண்டும்.

இரண்டில் ஒன்று மட்டும் போதாதா? ஜகார்த்தா ஆட்டமே அதற்குப் பதில். 18-ஆவது நிமிடத்தில் இந்தோனேசியாவுக்குப் பெனால்டி கிடைத்தது. ஃபிர்மான் உதினா உதைத்த பந்தைக் கோல்காவலர் கைருல் ஃபாமி தடுத்தார். ஆட்டத்தின் போக்கையே மாற்றிய தருணம் அது, ஆனால் எண்ணிக்கை 0-0 என்றே இருந்தது. எண்ணை மட்டும் பார்க்கும் கணினி அதைத் தாண்டிப் போய்விடும். பெனால்டி கிடைத்தபோது எழுந்த ஆரவாரம்தான் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

54-ஆவது நிமிடத்தில் சாஃபி சாலி மலேசியாவுக்காகக் கோல் அடித்தபோது நிலைமை நேர்மாறானது. அரங்கம் நிறைய இந்தோனேசிய ரசிகர்கள். எதிரணி கோல் அடித்தால் அத்தகைய அரங்கில் கூச்சல் கூடாது, அடங்கிப் போகும். சத்தத்தை மட்டும் தேடினால் மலேசியாவின் ஒரே கோல் தொகுப்பில் இருக்காது. அங்கே எண்ணிக்கை 0-1 ஆக மாறியதுதான் தடயம்.

எண் மாறும் நேரமும் கோல் விழுந்த நேரமும் ஒன்றல்ல. கொண்டாட்டம் முடிந்து அரை நிமிடம் கழித்தும் எண் மாறலாம். ஆகவே, எண் மாறிய இடத்திலிருந்து ஒரு நிமிடம் பின்னோக்கிச் சென்று, ஒலி திடீரென ஏறிய அல்லது இறங்கிய இடத்தைத் தேட வேண்டும். அதற்குப் பதினைந்து விநாடி முன்பிருந்து வெட்டினால்தான் பந்து கடத்தி வரப்பட்ட விதமும் தொகுப்பில் கிடைக்கும்.

இந்த முறை ஏமாறும் இடங்களும் உண்டு. புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் ஆட்டம், ரசிகர்கள் பாய்ச்சிய லேசர் ஒளியால் சில நிமிடங்கள் நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் எழும் கூச்சலையும் கணினி நல்ல கட்டம் என்றே எண்ணிவிடும். வர்ணனையாளரின் உற்சாகக் குரலும் அதைக் குழப்பும். பதிவு ஸ்டீரியோவாக இருந்தால் இதற்கு ஒரு வழி உண்டு. வர்ணனை பெரும்பாலும் இடது, வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் வெகுவாகக் குறைந்து ரசிகர் சத்தம் மிஞ்சும்.

தோட்டத் திடலில் கைப்பேசியால் எடுக்கும் பதிவுக்கும் இதே கணக்குதான். கைப்பேசி அசையாமல் நிற்க வேண்டும். கோல் பலகை படத்தின் ஒரு மூலையில் எப்போதும் தெரிய வேண்டும். ஒலிபெருக்கிக்கோ மேளத்துக்கோ பக்கத்தில் வைத்தால், கோல் விழுந்த சத்தம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். கடைசியில் கணினி எடுத்துக் கொடுக்கும் இருபது முப்பது துண்டுகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஆட்டம் தெரிந்த ஒருவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.