மூடிய படுக்கையறைக்கு எவ்வளவு புதிய காற்று போதும்?

கோடைக்காலத்தில் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. இரவு முழுவதும் கதவு சன்னல்களை அடைத்து, ஏசியை இயக்கி உறங்கினால், அறையில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடாதா என்பதே அது. தீர்ந்துவிடாது. ஆயினும் நாம் வெளிவிடும் கரியமில வாயு அந்த அறையில் சேர்ந்துகொண்டே இருக்கும். அது எவ்வளவு சேர்கிறது, அதனால் என்ன நேரும், எவ்வளவு வெளிக்காற்று வந்தால் போதும் என்பதை இங்கே கணக்கிட்டுப் பார்ப்போம்.

சுவரில் பொருத்தப்படும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியே உள்ள பெட்டியையும் உள்ளே உள்ள பெட்டியையும் இணைக்கும் செப்புக் குழாய்களில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டுமே. அறையின் காற்றையே இழுத்து, குளிர்வித்து, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது அக்கருவி. ஆகவே காற்று குளிர்ச்சியாக இருப்பதால் அது புதியது என்று கொள்ள இயலாது.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. கட்டிலும் அலமாரியும் அடைத்த இடம் போக, அதில் ஏறத்தாழ 30 கனமீட்டர், அதாவது 30,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் கணவன், மனைவி, ஒரு குழந்தை ஆகிய மூவர் உறங்குகின்றனர். உறங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். குழந்தை அதில் பாதியை வெளிவிடுவதாகக் கொண்டால் மூவருக்கும் சேர்த்து மணிக்கு 30 லிட்டர். அறை முற்றிலும் அடைபட்டிருப்பின், பத்து லட்சம் பங்கு காற்றில் மணிக்கு 1000 பங்கு வீதம் இது கூடும். இவ்வளவையே அளவுகருவிகள் பிபிஎம் என்று காட்டுகின்றன. திறந்த வெளியில் இன்று இது சுமார் 420 பிபிஎம்.

எந்த வீட்டு அறையும் முற்றிலும் அடைபட்டதன்று. கதவின் அடியிலும் சன்னலின் இடுக்கிலும் சிறிது காற்று கசியும். நன்கு மூடிய அறையில் மணிக்கு 10 கனமீட்டர் கசிகிறது என்று கொள்வோம். அப்போது இரவு 10 மணிக்கு 500 பிபிஎம் இருந்த அறை, 11 மணிக்கு 1300-ஐயும், நள்ளிரவு கடந்து 1 மணிக்கு 2300-ஐயும், காலை 6 மணிக்கு 3200-ஐயும் நெருங்கும். அதே வேளையில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து சுமார் 20.6 விழுக்காட்டுக்கே குறைகிறது. இது உடல் உணரக்கூடிய குறைவன்று.

அவ்வாறாயின் 3200 பிபிஎம் ஆபத்தா? தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரப் பணிக்கு ஏற்கப்பட்ட வரம்பு 5000 பிபிஎம். எனவே இது நஞ்சாகும் அளவன்று. ஆனால் உறக்கத்தின் தரம் குறையலாம். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் மாணவர் விடுதி அறைகளில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரவில் சுமார் 2500 பிபிஎம் இருந்த அறைகளில் அளவை 900-க்குக் கீழே கொணர்ந்தபோது மாணவர்கள் மேலும் நன்றாக உறங்கினர். மறுநாள் தெளிவாகவும் உணர்ந்தனர். ஆய்வு சிறியது. மேலும், வெளிக்காற்று வரும்போது கரியமில வாயுவோடு உடல் மணமும் அறைப்பொருள்கள் விடும் ஆவிகளும் சேர்ந்தே வெளியேறுவதால், பயன் எதனால் என்று பிரித்துச் சொல்ல இயலாது.

இதனால்தான் கரியமில வாயுவை ஓர் அடையாளமாகக் கொள்கிறோம். மியூனிக் நகரின் மருத்துவ அறிஞர் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே, அறைக்காற்று கெட்டதா என்பதை அறிய இவ்வாயுவின் அளவைப் பார்க்கச் சொல்லி, ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது 1000 பிபிஎம்-ஐ எல்லையாகக் கொண்டார். இன்றும் அது பயனுள்ள இலக்கே.

நம் அறையை அந்த இலக்கில் நிறுத்த மணிக்குச் சுமார் 50 கனமீட்டர் வெளிக்காற்று தேவை. உறங்கும் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு 20 கனமீட்டர் என்று நினைவில் கொள்ளலாம். மணிக்கு 28 கனமீட்டர் வந்தாலே அளவு 1500-க்கு இறங்கிவிடும். மாறாக, 700-க்கு இறக்க நூறு கனமீட்டருக்கு மேல் வேண்டும். முதலில் விடும் சிறிதளவு காற்றே பெரும்பயன் தருகிறது. 1000-க்குக் கீழே செல்லச் செல்லச் செலவு மிகும், பயன் குறையும். காய்ச்சலோ தொற்றும் இருமலோ உள்ளவர் அறையில் இருந்தால் மட்டும் இதைவிடக் கூடுதல் காற்று நல்லது.

இதை எவ்வாறு அடைவது? நான்கு அடி உயரச் சன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைப்பது மூவருக்குப் போதாது. காற்று வீசாத இரவில் நான்கு விரற்கடையளவு தேவைப்படும். படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, கூடத்துச் சன்னலையும் திறந்துவைப்பது பெரும்பாலும் இன்னும் நல்ல வழி. சாலைப் புகையால் மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமா நோயாளிகள், சாலையை நோக்காத சன்னலைத் தேர்வது நலம். இணைந்த குளியலறையில் எக்ஸாஸ்ட் விசிறி இருப்பின், அதன் கதவைச் சற்றுத் திறந்து, எதிர்ப்புறச் சன்னலில் சிறு இடைவெளி விட்டு, மணிக்குப் பதினைந்து இருபது நிமிடம் இயக்கலாம். இவ்வளவு காற்றைக் குளிர்விக்க, சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் ஓர் இரவுக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் மின்சாரம் கூடுதலாகும் என்பது எங்கள் மதிப்பீடு. காற்றுச் சுத்திகரிப்பான் தூசியை வடிகட்டுமே தவிர, கரியமில வாயுவை நீக்காது. தொட்டிச் செடிகளாலும் இயலாது.

அளவிட விரும்புவோர், என்.டி.ஐ.ஆர். வகை உணர்கருவி கொண்ட மீட்டரைக் கேட்டு வாங்குக. முதலில் மொட்டைமாடியில் வைத்து 420-க்கு அருகில் காட்டுகிறதா எனப் பார்த்து, பின்னர் கட்டிலின் உயரத்தில், முகத்திலிருந்து மூன்றடிக்கு அப்பால் வைத்து, விழித்தவுடன் படிக்க வேண்டும். கருவி இல்லாதோர் காலையில் வெளியே சென்று ஐந்து நிமிடம் கழித்து அறைக்குள் திரும்பிப் பார்க்கலாம். உள்ளேயே இருந்த மூக்கு உணராத புழுக்க வாடையை வெளியிலிருந்து வரும் மூக்கு உடனே காட்டிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் தலைவலியோடு விழிப்பவர், பகலில் தூங்கி விழுபவர், உரக்கக் குறட்டை விடுபவர் ஆகியோர் பழியை அறையின் மீது போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. சிஓபிடி எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும், உறக்கத்தில் மூச்சு தடைபடும் நிலையிலும், கரியமில வாயு இரத்தத்திலேயே தேங்கக்கூடும்; சன்னலைத் திறப்பதால் அது தீராது. இரத்த வாயுப் பரிசோதனையோ உறக்கப் பரிசோதனையோ தேவைப்படும். இரவில் பைபாப் கருவி பயன்படுத்துவோரின் முகமூடியிலோ குழாயிலோ உள்ள சிறு துளைகளைக் காற்று கசிகிறதென்று ஒட்டி அடைத்துவிடாதீர்கள். வெளிவிடும் மூச்சு வெளியேறும் வழியே அவைதான்.

மற்றொன்று, மூடிய அறையில் உண்மையாகவே உயிரைப் பறிப்பது கார்பன் மோனாக்சைடு. மணமற்ற அந்த வாயு நம் மூச்சிலிருந்து தேங்குவதன்று. கரியடுப்பு, கேஸ் கீசர், மின்தடையின்போது சன்னலருகே இயங்கும் ஜெனரேட்டர் ஆகியவற்றிலிருந்து வருவது. அதற்குச் சன்னல் இடுக்கு பாதுகாப்பாகாது. எரியும் எதையும் படுக்கையறைக்குள்ளோ அதன் சன்னலருகிலோ வைக்கலாகாது. ஒரே அறையில் இருவருக்கு ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் வந்தால், உடனே அனைவரையும் வெளியே கொணர்ந்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.