இருபது நொடியை வாங்கிய கணக்கு

2019 ஆகஸ்ட் 4, ஹங்கேரி கிராண்ட் ப்ரீ. மொத்தம் 70 சுற்று. முதலிடத்தில் ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். அவரை ஒட்டியே மெர்சிடிஸின் லூயிஸ் ஹாமில்டன். முந்த வழியில்லை. 48ஆம் சுற்றில் மெர்சிடிஸ் அவரை இரண்டாம் முறையாக டயர் மாற்ற அழைத்தது. வெளியே வந்தபோது அவர் சுமார் 20 நொடி பின்னால் இருந்தார். இது சரிப்படுமா என்று ஹாமில்டனே ரேடியோவில் சந்தேகப்பட்டார்.

அணிகள் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்கின்றன. டயர் தேயத் தேய ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட எத்தனை நொடி கூடுகிறது என்பதே அந்தக் கணக்கின் உயிர். கடிகாரம் காட்டும் நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சுற்றுக்கு ஒன்றரை கிலோ எரிபொருள் எரிகிறது. ஒரு கிலோ குறைந்தால் கார் சுமார் 0.03 நொடி வேகமாகிறது. ஆக எடை குறைவதாலேயே சுற்றுக்கு 0.05 நொடி மிச்சம். டயரும் அதே 0.05 நொடியைத் தின்றால், தேய்மானமே இல்லாததுபோல நேரம் அப்படியே நிற்கும்! அதனால் எரிபொருள் தரும் லாபத்தை முதலில் கழிக்கிறார்கள். பிட்டுக்குள் போய்வந்த சுற்றுகளையும், மெதுவான கார் மறித்த சுற்றுகளையும் ஒதுக்குகிறார்கள். மீதிப் புள்ளிகள் வழியே கோடு இழுத்தால் அதன் சரிவுதான் தேய்மானம்.

70 சுற்றை ஒரே நிறுத்தத்தில் முடித்தால் தலா 35 சுற்று. சுற்றுக்கு 0.05 நொடி தேய்ந்தால் மொத்த இழப்பு 59.5 நொடி. இரண்டு நிறுத்தமாக 23, 23, 24 என்று பிரித்தால் 39.1 நொடிதான். மிச்சம் 20.4. ஒரு நிறுத்தம் 20 நொடியை விழுங்கும் என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். தேய்மானம் 0.05ஐத் தாண்டினால் இரண்டு நிறுத்தம், குறைந்தால் ஒன்று.

நேர்கோடு கடைசிவரை நேராகப் போகாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஓர் எல்லைக்குப் பின் பிடிமானம் சட்டென்று சரியும்; எந்தச் சுற்றில் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். வெர்ஸ்டாப்பனின் ஹார்ட் டயர்கள் 25ஆம் சுற்றில் மாட்டியவை. ஹாமில்டனிடம் புது மீடியம். மூன்றாவதாக வந்த ஃபெராரி வெகுதூரம் பின்னால் இருந்ததால், இடம் பறிபோகும் பயமும் மெர்சிடிஸுக்கு இல்லை.

அடுத்த சுற்றிலேயே ரெட் புல்லும் டயர் மாற்றியிருக்கலாமே? மாற்றியிருந்தால், புது டயரில் ஒரு சுற்று ஓடிவிட்ட ஹாமில்டன் அநேகமாக முன்னால் போயிருப்பார். வெளியே நின்றதைத் தவறு என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு நல்ல வழி எதுவும் மிச்சமில்லை.

சுற்றுக்குச் சராசரியாக ஒரு நொடிக்கு மேல் குறைத்து, 67ஆம் சுற்றில் ஹாமில்டன் முந்தினார். அதன்பின் வெர்ஸ்டாப்பன் சாஃப்ட் டயருக்கு மாறி, அன்றைய அதிவேகச் சுற்றை ஓட்டி இரண்டாவதாக முடித்தார்.