விரைவுக் கணக்கு: சூத்திரமும் அதன் எல்லையும்

சென்ற மாதம் ஒரு மாலை, ரயில்வேத் தேர்வுக்குப் படித்துவரும் நண்பர் புதல்வர் ஒருவர் தம் சூத்திரக் குறிப்பேட்டுடன் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். குறிப்பேடு முழுவதும் சூத்திரங்கள். நாம் ஒரு வினா கேட்டோம். "ஒருவர் ஓர் ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினார். சராசரி வேகம் என்ன?" கண் இமைக்குமுன் "48" என்றார். சரியான விடை. மீண்டும் கேட்டோம். "ஒருவர் முதல் ஒரு மணி நேரம் 40 கிலோமீட்டர் வேகத்திலும், அடுத்த ஒரு மணி நேரம் 60 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றார். சராசரி என்ன?" அதே விரைவில் அதே "48" வந்தது. இது பிழை, விடை 50.

அவருக்குச் சூத்திரம் தெரியும். அது எங்கே பொருந்தும் என்பது தெரியவில்லை. இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. ரயில்வேத் தேர்வு வாரியங்களின் 2024ஆம் ஆண்டு என்.டி.பி.சி. அறிவிப்பின்படி, முதற்கட்டத் தேர்வில் 90 நிமிடங்களில் 100 வினாக்கள். அவற்றுள் 30 கணிதம். வினாவுக்கு 54 வினாடிகளே கிடைக்கும். ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும். ஆகவே, நால்வகை வினாக்களுக்கு உரிய குறுக்கு வழிகளையும், ஒவ்வொன்றின் எல்லையையும் இங்கே தருகிறோம்.

1. சராசரி வேகம்

இரு வேகங்களை அ, ஆ என்று கொள்வோம். சம தூரங்களை இவ்விரு வேகங்களில் கடந்தால், சராசரி வேகம் 2 × அ × ஆ ÷ (அ + ஆ). 40, 60 ஆகியவற்றுக்கு 4800 ÷ 100 = 48. சம நேரம் சென்றால் மட்டுமே இரண்டையும் கூட்டிப் பாதியாக்கலாம். காரணம் எளிது: தூரம் சமமாக இருக்கும்போது மெதுவான வேகத்தில் அதிக நேரம் கழிகிறது, அதனால் சராசரி அந்தப் பக்கமே சாய்கிறது. தூரமும் நேரமும் சமமல்லாதபோது இரண்டு வழிகளும் உதவா. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பதே வழி.

2. ரயில் கணக்கு

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டராக மாற்ற 5/18 ஆல் பெருக்க வேண்டும். 1000ஐ 3600ஆல் வகுத்துச் சுருக்கினால் வருவதே இந்தப் பின்னம். 18இன் மடங்குகளை மனத்தில் வைத்திருந்தால் பெருக்கவே வேண்டா: 18க்கு 5, 36க்கு 10, 54க்கு 15, 72க்கு 20, 90க்கு 25.

கம்பத்தையோ நிற்கும் மனிதரையோ கடக்கும் ரயில் தன் நீளத்தை மட்டுமே ஓடுகிறது. நடைமேடையைக் கடக்கும் ரயில் தன் நீளத்தோடு நடைமேடையின் நீளத்தையும் சேர்த்து ஓடுகிறது. இதிலிருந்து ஓர் அருமையான குறுக்கு வழி பிறக்கிறது. "ஒரு ரயில் கம்பத்தை 12 வினாடிகளிலும், 270 மீட்டர் நடைமேடையை 30 வினாடிகளிலும் கடக்கிறது, ரயிலின் நீளம் என்ன?" என்று வினா வருகிறது. கூடுதலாக எடுத்துக்கொண்ட 18 வினாடிகளும் அந்த 270 மீட்டருக்கே உரியவை. ஆகவே வேகம் வினாடிக்கு 15 மீட்டர்; 12 வினாடிகளில் 180 மீட்டர். இதுவே ரயிலின் நீளம்.

இரு ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும்போது நீளங்களை எப்போதும் கூட்ட வேண்டும். வேகங்களையோ, எதிரெதிரே வந்தால் கூட்டவும், ஒரே திசையில் சென்றால் கழிக்கவும் வேண்டும். திசையைப் பார்த்து நீளத்தையும் கழித்துவிடுவது பலர் செய்யும் பிழை.

3. சதவீதம்

சதவீதத்தைப் பின்னமாகக் காணப் பழகுதல் நலம். 12½ சதவீதம் எட்டில் ஒன்று. 16⅔ ஆறில் ஒன்று. 20 ஐந்தில் ஒன்று. 25 நான்கில் ஒன்று. அரிசி விலை 25 சதவீதம் ஏறிற்று. செலவு ஏறாதிருக்க எவ்வளவு குறைத்து வாங்க வேண்டும்? 25 என்பது பிழையான விடை. விலை நான்கில் ஒன்று ஏறினால், வாங்குவது ஐந்தில் ஒன்று குறைய வேண்டும். அதாவது 20 சதவீதம். கிலோ 40 ரூபாய் வீதம் 20 கிலோ வாங்கினால் 800 ரூபாய். விலை 50 ஆனபின் அதே 800 ரூபாய்க்கு 16 கிலோ கிடைக்கும். குறைந்தது 4 கிலோ. 20இல் ஐந்தில் ஒன்று.

ஏற்றத்துக்குக் கீழெண்ணில் ஒன்றைக் கூட்டுகிறோம். விலை இறங்கினால் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆனால் "செலவு மாறவில்லை" என்பதே இதன் நிபந்தனை. "செலவு 10 சதவீதம் மட்டும் கூடிற்று" என்று வினாவில் ஒரு சொல் சேர்ந்தால், குறுக்கு வழி முறிந்துவிடும். அப்போது 880 ரூபாயை 50ஆல் வகுத்து 17.6 கிலோ என்று கண்டு, 12 சதவீதக் குறைவு என்று விடையளிக்க வேண்டும்.

4. வேலையும் நாளும்

ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 18 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து செய்தால், பெருக்கற்பலனைக் கூட்டுத்தொகையால் வகுக்கலாம்: 216 ÷ 30 = 7⅕ நாள். ஒருவர் நடுவில் விலகினால் இச்சூத்திரம் பயன்படாது.

அதைவிட நல்ல முறை ஒன்று உண்டு. 12, 18 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 36. வேலை முழுவதையும் 36 பங்கு என்று கொள்வோம். முதலாமவர் நாளுக்கு 3 பங்கும், இரண்டாமவர் 2 பங்கும் செய்வர். நான்கு நாள் சேர்ந்து உழைத்தபின் முதலாமவர் விலகினார் என்றால், முடிந்தது 20 பங்கு, எஞ்சியது 16. இரண்டாமவருக்கு இன்னும் 8 நாள் வேண்டும். வேலை முடிய மொத்தம் 12 நாள். விடைப் பட்டியலில் 8, 12 இரண்டும் இருக்கக்கூடும். வினா கேட்பது எஞ்சிய நாளா, மொத்த நாளா என்று கடைசி வரியை மறுமுறை படித்தே குறிக்க வேண்டும்.

விடை தெரியாதபோது

நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக நான்கில் ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் வரும். மற்ற மூன்றால் ஒரு மதிப்பெண் போய்விடும். இலாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, நேரந்தான் வீண். ஆனால் ஒரு விடை நிச்சயமாகப் பொருந்தாதென்று தள்ள முடிந்தால், எஞ்சிய மூன்றில் ஒன்றைக் குறிப்பதில் சிறிது ஆதாயம் உண்டு. சேர்ந்து செய்யும் வேலை, தனியே விரைவாகச் செய்பவரின் நாளைவிடக் குறைந்த நாளில் முடிய வேண்டும். சராசரி வேகம் இரு வேகங்களுக்கும் இடையே இருக்க வேண்டும். இவ்விரண்டைக் கொண்டே பொருந்தாத விடைகளை ஒதுக்கலாம்.

வெளிமாநிலத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பயின்ற நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். இத்தேர்வை எழுதத் தமிழையும் தெரிந்தெடுக்கலாம். ஆனால் "கம்பத்தைக் கடக்க", "எஞ்சிய நாள்" என்பவற்றைத் தயங்காமல் படிக்க இயலுமா என்று வீட்டில் சோதித்துப் பார்த்தபின்னரே விண்ணப்பத்தில் மொழியைக் குறிக்கவும். பற்று வேறு, 54 வினாடி வேறு.

அன்று வந்த இளைஞர் தம் குறிப்பேட்டில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் எதிரே "எப்போது பொருந்தாது" என்று புதிதாக ஒரு பத்தி வகுத்துக்கொண்டார். அப்பத்தியில் அவர் எழுதிய முதல் வரி: "சம நேரமானால் 48 அன்று, 50."