முதல் நாவலுக்கு எதை எடுப்பது?

சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885இல் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கம் அது. கண்டியில் பிறந்தவர், தன் கதையை மிஸ்ருக்குக் கொண்டுபோனார். நானும் அப்படித்தான் தூரத்தில் தேடினேன். சுனாமியை எழுதப் பார்த்தேன், யுத்தத்தை எழுதப் பார்த்தேன். இரண்டும் முப்பது பக்கத்தில் நின்றுபோயின. எல்லாருக்கும் தெரிந்த சம்பவம் என்னிடம் இருந்தது; எனக்கு மட்டும் தெரிந்த ஆள் ஒருவரும் இருக்கவில்லை.

பிறகு ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாபகம், அல்லது காதில் விழுந்த ஒரு பேச்சு. நல்லது கெட்டது பார்க்காமல் எழுதினேன். கொப்பி நிறைந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே கேள்வியால் சோதித்தேன்: ‘இதில் எனக்கு இன்னும் விளங்காதது என்ன?’ பதில் இல்லாத பக்கங்களைக் கழித்தேன். மூத்தம்மாவின் பகிடிகள் எல்லாம் அப்போதே போயின. பகிடி சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள், அதோடு சரி. அது சிறுகதைக்குப் போதும். கேட்டவர் “அப்ப அவ ஏன் அப்பிடிச் செஞ்சா?” என்று திருப்பிக் கேட்டால்தான் அதில் நாவல் இருக்கலாம்.

மூன்று பக்கம் மிஞ்சியது. அதில் ஒன்று இது. எனக்கு ஒன்பது வயது. நோன்பு காலம், சஹருக்கு முந்திய நேரம். பாயில் நித்திரை போலக் கிடக்கிறேன். குசினியில் உம்மாவும் மாமியும் பேசுகிறார்கள். “ஊட்டையும் குடுத்து உறுதியையும் குடுத்தா. அலுமாரித் திறப்ப மட்டும் குடுக்கல்லயே” என்றார் மாமி.

கிழக்கிலே பெண்ணுக்கு வீடு கொடுப்பது நம்மவருக்குப் புதினமில்லை. மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் அந்தத் தாய் பின்வளவுக் குடிலுக்குப் போய்விட்டார். அலுமாரி முன் வீட்டில், திறப்பு தாயின் முந்தானையில். ஏன்?

உம்மாவிடம் கேட்டேன். “அவட புடிவாதம்” என்றார். மாமியோ, உள்ளே இளைய குமருக்கு வைத்த நகை இருந்தது என்றார். அந்த வீட்டைக் கட்டிய மேசன் நானா சிரித்தார்: “அதுக்குள்ள ஒண்டுமில்ல மகன். நானே தூக்கி வச்சன், காத்து மாதிரி இருந்திச்சி.” மூன்றையும் மூன்று பக்கத்தில், அவரவர் வாய்ச்சொல்லிலேயே எழுதிவைத்தேன். எது சரியென்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படக் கூடாது. தீர்த்துவிட்டால் கதை முடிந்துவிடும். வெற்று அலுமாரிக்கு ஒரு தாய் ஏன் காவல் இருக்கிறாள் என்பதுதான் என் நாவலானது.

ஆனாலும் கேள்வி மட்டும் போதாது, அது காலத்தைத் தாங்க வேண்டும். மூத்தவளின் கல்யாணத்திலிருந்து இளையவளின் கல்யாணம் வரை நடக்கக்கூடிய காட்சிகளை இரண்டு மூன்று வரியாக எழுதிப் பார்த்தேன். இருபது வந்தால் தொடங்குவது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். முதலில் ஒன்பதுதான் வந்தது. ஏனென்று பார்த்தால், எல்லாக் காட்சியிலும் தாய் நல்லவள், மூத்தவள் பேராசைக்காரி. மூத்தவள் பக்கத்திலும் நியாயம் இருக்கலாமே என்று யோசித்தேன்: பூட்டிய அலுமாரி நடுவீட்டில் நிற்க, அந்த வீடு தனதென்று அவளால் எப்படி நம்ப முடியும்? அதற்குப் பிறகு இருபத்திமூன்று காட்சி வந்தது. காட்சி சேரவில்லையென்றால் அநேகமாக ஒருவர் பக்கம் மட்டும் நின்று பார்க்கிறோம் என்றுதான் அர்த்தம்.

மிச்சம் இருந்தது ஒரு பயம். இளைய மகள் இப்போதும் ஊரில் இருக்கிறார். பெயரை மாற்றினால் போதும் என்பார்கள். சின்ன ஊரில் பெயரை வைத்து யாரும் ஆளைப் பிடிப்பதில்லை, சம்பவத்தை வைத்துத்தான் பிடிப்பார்கள். ஆகவே ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, பூட்டிக் கிடந்த பொருள் எல்லாவற்றையும் மாற்றினேன். இங்கே நான் சொன்னதும் மாற்றிய வடிவம்தான். கேள்வியை மட்டும் மாற்றவில்லை. பாயில் படுத்து ஒட்டுக்கேட்டது எனக்குச் சொந்தமில்லை, அது ஒரு அமானிதம்.

எழுதத் தொடங்குமுன் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், “எழுது மகன். ஆனா உம்மாவக் கள்ளியாக்கிப் போடாத. ராத்தாவையும்தான்” என்றார்.

இருபத்திமூன்று காட்சிகளையும் அன்றிரவு திரும்ப வாசித்தேன். இரண்டைக் கிழித்துப் போட்டேன்.