பணவீக்கமும் சம்பளத்தின் வாங்கும் திறனும்

பணவீக்கம் என்பது ஒரு நாட்டில் பொருட்கள், சேவைகள் ஆகியவற்றின் பொதுவான விலைமட்டம் தொடர்ந்து உயர்ந்து செல்வதாகும். ஒரு பொருளின் விலை மட்டும் ஏறுவது பணவீக்கம் ஆகாது. மழை பெய்து தக்காளி அழுகினால் தக்காளியின் விலை ஏறும், அடுத்த அறுவடையில் இறங்கும். பல பொருட்களின் விலைகள் சேர்ந்து உயரும்போதுதான், கையில் உள்ள ஒவ்வொரு ரூபாவும் முன்னரைவிடக் குறைவாக வாங்குகிறது. சம்பளச் சீட்டில் உள்ள தொகை பெயரளவுச் சம்பளம் எனப்படும். அத்தொகையால் உண்மையில் வாங்கக்கூடிய பொருட்களின் அளவு மெய்ச் சம்பளம் எனப்படும். முதலாவது மாறாதிருக்கும்போதே இரண்டாவது குறையலாம். இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு 2022ஆம் ஆண்டின் இலங்கை.

கூடையால் அளக்கும் முறை

விலைகள் ஒரே அளவில் ஏறுவதில்லை. ஒன்று இரண்டு மடங்காகும், இன்னொன்று சிறிதளவே கூடும். இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகச் சொல்வதற்காக, ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருட்களை அவற்றின் அளவுகளோடு ஒரு கூடையாக எடுத்துக்கொள்கிறார்கள். பின்னர் அதே கூடையை வெவ்வேறு காலங்களில் வாங்க எவ்வளவு செலவாகும் என்று பார்க்கிறார்கள். கூடை மாறாது, விலை மட்டுமே மாறும். இதுவே முறையின் அடிப்படை.

விளக்கத்துக்காக ஐந்தே பொருட்கள் கொண்ட ஒரு மாதக் கூடையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக விலைகள் முழு எண்களாகக் கற்பனையாக வைக்கப்பட்டுள்ளன.

| பொருள் | அளவு | பழைய விலை (ரூபா) | புதிய விலை (ரூபா) | பழைய செலவு (ரூபா) | புதிய செலவு (ரூபா) |
|---|---|---|---|---|---|
| அரிசி | 20 கிலோ | 120 | 225 | 2,400 | 4,500 |
| பருப்பு | 4 கிலோ | 250 | 500 | 1,000 | 2,000 |
| தேங்காய் | 30 | 70 | 90 | 2,100 | 2,700 |
| பால்மா | 4 பக்கற் | 400 | 1,000 | 1,600 | 4,000 |
| பஸ் பயணம் | 45 | 20 | 40 | 900 | 1,800 |
| மொத்தம் | | | | 8,000 | 15,000 |

புதிய செலவைப் பழைய செலவால் வகுத்து 100ஆல் பெருக்கினால் 187.5 வரும். இதுதான் விலைச் சுட்டெண். தொடக்க ஆண்டின் சுட்டெண் எப்போதும் 100 என்பதால், இந்தக் கூடையின் பணவீக்கம் 87.5 சதவீதம். பழைய 8,000 ரூபாவோடு இப்போது கடைக்குப் போகும் குடும்பம் அரிசியும் பருப்பும் வாங்கியதும் 1,500 ரூபாதான் மிஞ்சும். பஸ் கட்டணத்துக்கே அது போதாது. தேங்காயும் பால்மாவும் அந்த மாதம் இல்லை.

அட்டவணையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஒவ்வொரு பொருளின் பங்கு. இது நிறை எனப்படும். தேங்காய்க்கான செலவு முதலில் பால்மாவைவிட அதிகம். ஆயினும் தேங்காய் விலை சிறிதளவே ஏறியதால், 87.5 என்ற உயர்வில் அதன் பங்களிப்பு 7.5 மட்டுமே. பால்மா செலவின் ஐந்தில் ஒரு பங்குதான், அதன் விலையோ 150 சதவீதம் ஏறியது. ஆகவே அது தனியாகவே 30 சேர்க்கிறது. ஒரு பொருள் சுட்டெண்ணை எவ்வளவு உயர்த்தும் என்பது அதன் விலை எவ்வளவு ஏறியது என்பதோடு, குடும்பம் அதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதையும் பொறுத்தது.

2022இல் இலங்கை

இலங்கையில் இக்கணக்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் செய்கிறது. குடும்பங்களிடம் நடத்தப்படும் வருமான, செலவின அளவீட்டிலிருந்து நிறைகள் பெறப்படுகின்றன. விலைகள் சந்தைகளிலும் கடைகளிலும் சேகரிக்கப்படுகின்றன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவு வகைகள் மட்டும் 94.9 சதவீதமும், உணவல்லாதவை 57.6 சதவீதமும் ஏறியிருந்தன. ரூபாவின் மதிப்பு அந்த ஆண்டு மார்ச்சில் சரியத் தொடங்கியதும், இறக்குமதியாகும் பருப்பு, பால்மா, கோதுமை மா, எரிபொருள் ஆகியவற்றின் விலைகள் ஏறியதும், 2021இன் இரசாயன உரத் தடைக்குப் பின் நெல் விளைச்சல் குறைந்ததும் இதற்கான காரணங்களில் சில.

69.8 சதவீதம் என்றவுடன், சம்பளத்தின் மதிப்பு 69.8 சதவீதம் போய்விட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அப்படியானால் விலைகள் இரு மடங்கானால் சம்பளத்தின் மதிப்பு பூச்சியமாகிவிட வேண்டும். உண்மையில் அது பாதியாகத்தான் ஆகும். கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 60,000 ரூபா சம்பளத்தை 1.698ஆல் வகுத்தால் ஏறத்தாழ 35,300 ரூபா. அதாவது ஓராண்டுக்கு முன் 35,300 ரூபாவுக்குக் கிடைத்தவையே இப்போது 60,000 ரூபாவுக்குக் கிடைக்கின்றன. இழப்பு ஏறத்தாழ 41 சதவீதம்.

2022 ஜனவரியிலிருந்து அரச ஊழியருக்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பனவு வழங்கப்பட்டது. அதைச் சேர்த்து 65,000 என்று கொண்டாலும், அதன் மெய் மதிப்பு 38,300 ரூபா அளவே. பழைய வாழ்க்கையை அப்படியே நடத்த 1,01,880 ரூபா தேவைப்பட்டிருக்கும்.

2023 செப்டெம்பரில் இதே பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது. செய்திகளில் இது பெரிதாக வந்தபோது, "அப்படியானால் சாமான் விலை ஏன் குறையவில்லை?" என்று கேட்டவர்கள் பலர். கேள்வி நியாயமானது. பணவீக்கம் விலை ஏறும் வேகம்தான், விலையின் உயரம் அல்ல. வேகம் குறைந்த பின்னும் விலைகள் ஏறிய உயரத்திலேயே நிற்கும். 1.698ஐ 1.013ஆல் பெருக்கினால் 1.72. மாறாத 60,000 ரூபாவின் மதிப்பு இரண்டு ஆண்டுகளில் 34,900 ரூபா அளவுக்குச் சுருங்கியது. குறைந்த பணவீக்கம் இழந்ததைத் திருப்பித் தராது. சம்பளம் ஏற வேண்டும், அல்லது விலைகள் உண்மையாகவே இறங்க வேண்டும்.

யாருடைய கூடை?

கொழும்புச் சுட்டெண்ணின் அன்றைய கூடையில் உணவின் நிறை சுமார் 28 சதவீதம். நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அது அன்று சுமார் 44 சதவீதம். வறிய குடும்பங்கள் இதைவிட அதிகமாகவே உணவுக்குச் செலவிடுகின்றன. செலவில் 60 சதவீதம் உணவுக்குப் போகும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், 94.9இன் 60 சதவீதமும் 57.6இன் 40 சதவீதமும் சேர்ந்து ஏறத்தாழ 80 வருகிறது. அது ஒரு மதிப்பீடே, அந்த வீடு எந்த உணவை வாங்குகிறது என்பதைப் பொறுத்து மாறும். எனினும் அறிவிக்கப்பட்ட சதவீதம் தன் அனுபவத்தோடு பொருந்தவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் மிகைப்படுத்துகிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவருடைய கூடை வேறு.

கூடையை மாற்றாமல் வைத்திருப்பதிலும் குறைகள் உண்டு. பால்மா விலை ஏறினால் குடும்பம் வெறும் தேநீருக்கு மாறிவிடும். கூடையிலோ பழைய நான்கு பக்கற்றும் அப்படியே இருக்கும். அதனால் செலவுயர்வைச் சுட்டெண் சற்று மிகைப்படுத்தலாம். மறுபுறம், மாறியதால் அக்குடும்பம் இழந்ததை எந்தச் செலவுக் கணக்கும் காட்டாது. பக்கற்றின் விலை மாறாமல் உள்ளே இருக்கும் கிராம் குறைந்தால் அதுவும் விலையேற்றமே, விலை சேகரிப்பவர் நிறையையும் பார்த்துப் பதிந்தால்தான் அது தெரியும். மிகக் கடினமானது, பொருளே கிடைக்காத நிலை. 2022இல் சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அரசு அறிவித்த விலை ஒன்று இருந்தது. ஆனால் வரிசையில் நாள்முழுதும் நின்றும் வெறும் சிலிண்டரோடு திரும்பியவருக்கும், வெளியே கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்கும் அந்த விலை தாளில் இருந்த ஓர் எண் மட்டுமே.