பிங் போகுது, ஆனா கனெக்‌ஷன் கிடைக்கல

ஒரு சாயத் தொழிற்சாலையை எடுத்துக்குவோம். சாய மெஷின்கள்ல வெப்பநிலை கன்ட்ரோலர்கள் இருக்கு. அவை ஆர்.எஸ்-485 வயர் வழியா மாட்பஸ்ல பேசும். ஆபீஸ் ரூம்ல இருக்கிற கன்ட்ரோல் சாஃப்ட்வேருக்கு ஈதர்நெட் மட்டும்தான் தெரியும். நடுவுல மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அதுதான் சீரியல்-டு-ஈதர்நெட் கன்வெர்ட்டர். இன்-பிளான்ட் ட்ரெயினிங்ல நான் பார்த்த அமைப்பு இது.

பிரச்சினை என்னன்னா, வாரத்துல ரெண்டு மூணு தடவை சாஃப்ட்வேர்ல எல்லா மெஷினும் ஒரே நேரத்துல சிவப்பாயிடும். ஃபிட்டர் அண்ணா போய் கன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடும். ஆனா அதுக்குள்ள நாற்பது நிமிஷ வெப்பநிலைப் பதிவு போயிருக்கும். அந்த லாட்டுல ஷேடு மாறி வந்தா, சாயத்துல தப்பா, சூட்டுல தப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது.

ரெண்டு பக்கத்தையும் பிரிச்சுப் பாருங்க

கன்வெர்ட்டருக்கு ஒரு பக்கம் சீரியல் வயர், இன்னொரு பக்கம் டி.சி.பி. செஷன். ரெண்டும் தனித்தனி. சீரியல் வயர்ல மோட்டார் இரைச்சல் ஏறினா சில மெசேஜ் கெட்டுப்போகும், சாஃப்ட்வேர்ல சி.ஆர்.சி. பிழையோ டைம்-அவுட்டோ வரும். ஆனா அதனால டி.சி.பி. செஷன் அறுந்து போகாது. சாஃப்ட்வேர் பல நேரம் ரெண்டையும் "கம்யூனிகேஷன் ஃபெயில்"னு ஒரே பேர்ல காட்டுறதாலதான் குழப்பம்.

அதனால திரையை நம்பாம லாக் ஃபைலைப் பாருங்க. இங்க லாக்ல முதல்ல ஒரு தடவை `10054`, அதுக்கப்புறம் அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை `10061` வரிசையா இருந்துச்சு. விண்டோஸ்ல 10054ன்னா எதிர்ப்பக்கம் செஷனை ரீசெட் பண்ணிடுச்சுன்னு அர்த்தம். 10061ன்னா புதுசா கேட்ட கனெக்‌ஷனை மறுத்துடுச்சுன்னு அர்த்தம். பதிலே வராம இருந்தா 10060 வரும். ஆக, யாரோ பதில் சொல்றாங்க, ஆனா "முடியாது"ன்னு சொல்றாங்க.

கன்வெர்ட்டர் ஏன் மறுக்குது?

இந்த மாதிரி கன்வெர்ட்டர்கள்ல பலதும் ஒரு போர்ட்டுக்கு ஒரே ஒரு செஷனைத்தான் ஏத்துக்கும். பி.சி. பக்கம் செஷன் செத்துப்போயும், கன்வெர்ட்டர் அது இன்னும் உயிரோட இருக்குன்னு நினைச்சுக்கிட்டா, புதுசா வர்ற அதே பி.சி.யையே "லைன் பிஸி"ன்னு திருப்பி அனுப்பும். இதுக்குப் பேரு ஹாஃப்-ஓப்பன் கனெக்‌ஷன்.

கன்வெர்ட்டர் பழைய செஷன்ல ஒரு பைட் அனுப்பியிருந்தாலே போதும், "அப்படி ஒரு செஷன் இல்லையே"ன்னு பி.சி. ரீசெட் அனுப்பியிருக்கும், விஷயம் புரிஞ்சிருக்கும். ஆனா மாட்பஸ்ல கேட்டாத்தான் கன்ட்ரோலர் பதில் சொல்லும். கேள்வி வராததால சீரியல் பக்கம் அமைதி. கன்வெர்ட்டருக்கு அனுப்ப ஒண்ணும் இல்ல, அதனால உண்மை தெரிய வழியும் இல்ல.

இங்கதான் கீப்-அலைவ் வேணும். கன்வெர்ட்டர் அப்பப்போ ஒரு வெத்து பாக்கெட் அனுப்பி "இருக்கியா?"ன்னு கேட்கும். பி.சி. ரீசெட் அனுப்பினா பழைய செஷனை விட்டுடும். பதிலே இல்லைன்னா சில தடவை கேட்டுப் பார்த்துட்டு விட்டுடும். டி.சி.பி.யோட வழக்கமான கீப்-அலைவ் இடைவெளி 2 மணி நேரம், அதாவது 7200 செகண்ட். ஃபேக்டரிக்கு அது ஆகாது. கன்வெர்ட்டரோட வெப் பக்கத்துல ஒரு நிமிஷம்னு வெச்சா போதும்.

அதே பக்கத்துல `Inactivity time`னு இன்னொண்ணு இருக்கலாம். அது வேற. இவ்வளவு நேரம் டேட்டா வரலைன்னா உயிரோட இருக்கிற செஷனையும் அறுத்துடும். சாஃப்ட்வேர் 10 செகண்டுக்கு ஒரு தடவை கேட்கும்போது இதை 5 செகண்ட்னு வெச்சா, நாமளே பிரச்சினையை உண்டாக்கின மாதிரி. 0ன்னு வெச்சா பொதுவா அது ஆஃப்.

செஷன் எண்ணிக்கையை ரெண்டாக்குறதும் தீர்வு இல்ல. ரெண்டு பேர் ஒரே ஆர்.எஸ்-485 லைன்ல கேள்வி கேட்டா, ஒருத்தர் பதில் இன்னொருத்தருக்குப் போகலாம்.

முதல்ல அறுத்தது யார்?

கீப்-அலைவ் செஷன் அறுறதைத் தடுக்காது. அறுந்த பிறகு சீக்கிரம் மீட்கத்தான் உதவும். அந்த முதல் 10054க்குக் காரணம் தனியா தேடணும்.

கன்வெர்ட்டர் ரீபூட் ஆகியிருக்குமா? அதோட வெப் பக்கத்துல எவ்வளவு நேரமா ஓடுதுன்னு இருக்கும். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போச்சுன்னா, 24 வோல்ட் சப்ளை சரியுதுன்னு அர்த்தம். சோலனாய்டு, கான்டாக்டரோட பகிராம தனி சப்ளை கொடுக்கணும். ஆனா ரீபூட் ஆன கன்வெர்ட்டர் பழைய செஷனையே மறந்திருக்கும், அதனால பி.சி.யை உடனே சேர்த்துக்கும். இங்க நாற்பது நிமிஷம் மறுத்துச்சு. அதனால ரீபூட் இல்ல.

அடுத்து முகவரி. பிரச்சினை இருக்கும்போதே பி.சி.ல இதை அடிச்சுப் பார்க்கணும்:

```
ping 192.168.1.50
arp -a 192.168.1.50
```

பிங் நல்லா போச்சு. ஆனா `arp` காட்டின மேக் முகவரி, கன்வெர்ட்டர் மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல இருந்த முகவரி இல்ல! கன்வெர்ட்டர் கேபிளைக் கழட்டின பிறகும் பிங்குக்குப் பதில் வந்துச்சு. அந்த முகவரியில இன்னொருத்தர் குடியிருக்கார்.

ரவுட்டர்ல பார்த்தா, டி.எச்.சி.பி. 192.168.1.20லருந்து 200 வரைக்கும் முகவரி கொடுக்குது. கன்வெர்ட்டருக்குக் கையால போட்ட 50ம் அதுக்குள்ளதான். வார விடுமுறையில கன்வெர்ட்டர் ஆஃப்ல இருந்தப்போ, ரவுட்டர் 50ஐ காலின்னு நினைச்சு வைஃபைல வந்த ஒரு போனுக்குக் கொடுத்துடுச்சு. அந்தப் போன் உள்ள வந்து, பி.சி.யோட ஏ.ஆர்.பி. அட்டவணை அது பக்கம் திரும்பும்போதெல்லாம், மாட்பஸ் கேள்வி போனுக்குப் போகும். போன் "இப்படி ஒரு செஷன் எனக்குத் தெரியாது"ன்னு ரீசெட் அனுப்பும். அதுதான் 10054. போன் வெளியே போன பிறகும் 10061 நிக்காததுக்குக் காரணம், கன்வெர்ட்டர் பிடிச்சு வெச்சிருந்த பழைய செஷன்.

தீர்வு ரெண்டு வரி. கன்வெர்ட்டர் முகவரியை 210ன்னு மாத்தி, சாஃப்ட்வேர்லயும் அதையே போடணும். கன்வெர்ட்டர்ல கீப்-அலைவ் ஒரு நிமிஷம் வைக்கணும்.

இரைச்சல் எப்போ குற்றவாளி?

எல்லா மெஷினும் ஒண்ணா போகாம, ஒரு மெஷின் மட்டும் விட்டு விட்டுப் போனா, அதுவும் வி.எஃப்.டி. ஓடும்போது சி.ஆர்.சி. பிழை ஏறினா, செஷனை விட்டுட்டு வயரைப் பாருங்க. முறுக்கின ஷீல்டு கேபிளா, ஷீல்டு ஒரு முனையில மட்டும் எர்த் ஆகியிருக்கா, லைனோட ரெண்டு கடைசியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கா, மோட்டார் கேபிள் போற அதே ட்ரேல போகுதான்னு வரிசையா பார்க்கணும்.

எதையும் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி லாக்ல இருக்கிற எண்ணையும் `arp` காட்டுற மேக் முகவரியையும் எழுதி வெச்சுக்கோங்க. பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா கன்வெர்ட்டர் பழைய செஷனை மறந்துடும், அதோட தடயமும் போயிடும்.